இணைப்புக்குப் பிறகு நிறுவனத்தின் உறுப்புகள் பொருந்துகின்றனவா என்று கண்டறிவது எப்படி?

கேள்வி: இரண்டு நிறுவனங்கள் இணைந்த பிறகு உத்தி, கட்டமைப்பு, செயல்முறைகள், திறன்கள், பணியாளர்கள், பொது விழுமியங்கள் ஆகிய ஆறும் ஒத்துப்போகின்றனவா என்று எப்படிச் சோதிப்பது?

ஆறையும் ஆறு தலைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும் அறிக்கைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றால் பெரிய பயன் விளைவதில்லை. கோளாறு பெரும்பாலும் ஏதேனும் ஒன்றுக்குள் இருப்பதில்லை, இரண்டுக்கு இடையில்தான் இருக்கிறது. ஆகவே நான் அறிவிக்கப்பட்ட உத்தியை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொண்டு, மற்ற ஐந்தில் எது அந்த வாக்கியத்தை மறுக்கிறது என்று தேடுவேன்.

அமெரிக்காவின் ஸ்பிரிண்ட், நெக்ஸ்டெல் ஆகிய தொலைபேசி நிறுவனங்களின் இணைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2004 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2005 ஆகஸ்டில் அது நிறைவேறியது. உத்தி கேட்பதற்குச் சரியாகவே இருந்தது: ஸ்பிரிண்டிடம் தனிநபர் வாடிக்கையாளர்கள் மிகுதி, நெக்ஸ்டெலிடம் கட்டுமான ஒப்பந்ததாரர்கள், சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் என, பொத்தானை அழுத்தியவுடன் வாக்கி டாக்கி போல் பேச விரும்பிய தொழில்முறை வாடிக்கையாளர்கள் மிகுதி. இரு சாராருக்கும் ஒரே நிறுவனம் சேவை அளித்தால் செலவு குறையும், வருவாய் பெருகும் என்று கணக்கிட்டார்கள்.

இந்த வாக்கியத்தைச் செயல்முறைகளோடு வைத்துப் பாருங்கள். ஸ்பிரிண்டின் வலையமைப்பு சிடிஎம்ஏ தொழில்நுட்பத்தில் இயங்கியது. நெக்ஸ்டெலுடையது மோட்டோரோலா உருவாக்கிய ஐடென். ஒன்றுக்கான கைபேசி மற்றொன்றில் வேலை செய்யாது. ஆகவே "ஒரே நிறுவனம்" என்று சொன்ன நாளிலிருந்தே இரண்டு வலையமைப்புகளையும், அவற்றைப் பராமரிக்கும் இரண்டு வகைப் பொறியாளர்களையும் வைத்திருக்க வேண்டியதாயிற்று. செலவு குறையும் என்ற கணக்கின் அடித்தளமே இங்கு ஆட்டம் காண்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஊழியர் கருத்துக்கணிப்பு தேவையில்லை. எதை எந்தத் தேதியில் நிறுத்தப் போகிறோம் என்று எழுத்தில் கேட்டாலே போதும். தேதி கிடைக்காவிட்டால் அதுவே முதல் கண்டறிதல்.

கட்டமைப்பிலும் அதே இரட்டைத்தன்மை இருந்தது. நிர்வாகத் தலைமையகம் வர்ஜீனியாவின் ரெஸ்டனிலும், செயல்பாட்டுத் தலைமையகம் கான்சஸின் ஓவர்லேண்ட் பார்க்கிலும் அமைந்தன. இத்தகைய ஏற்பாட்டை நிறுவன வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். அதனால் வரைபடத்தை விட்டுவிட்டு, அண்மையில் எடுக்கப்பட்ட ஒரு முடிவைப் பின்தொடருங்கள். ஒரு பெரிய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி தர வேண்டும் என்று கிளை மேலாளர் கேட்டார் என்று வைத்துக்கொள்வோம்: கோப்பு யாரிடம் போனது, எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள், எந்த மேசையில் நின்றது, அந்த மேசைக்காரர் எந்தப் பழைய நிறுவனத்தைச் சேர்ந்தவர்? நாலைந்து கோப்புகளை இப்படித் தொடர்ந்தால் உண்மையான கட்டமைப்பு துலங்கிவிடும்.

திறன்களையும் பணியாளர்களையும் நான் சேர்த்தே பார்ப்பேன், ஏனெனில் இணைப்பில் திறன் ஆட்களோடு வெளியேறுகிறது. மொத்தத்தில் எத்தனை பேர் விலகினார்கள் என்பது இதைக் காட்டாது. உத்தி எந்தத் திறனை நம்பியிருக்கிறதோ, அதை உடையவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களில் எவர் இருக்கிறார், எவருடைய ஊக்கத்தொகை விதி மாறியது என்று பார்க்க வேண்டும். ஒப்பந்ததாரர்களிடம் விற்கத் தெரிந்தவருக்குத் தனிநபர் இணைப்புகளின் எண்ணிக்கையை வைத்து ஊக்கத்தொகை கொடுத்தால், அவர் தமக்குத் தெரிந்த வேலையை விடுவார் அல்லது நிறுவனத்தையே விடுவார்.

விழுமியங்களைக் கடைசியில்தான் சோதிப்பேன். இந்த ஆறோடு தலைமைப் பாணியையும் சேர்த்து நிறுவனத்தை ஏழு உறுப்புகளாகப் பார்க்கும் ஏழு எஸ் சட்டகத்தில் அவை நடுவில் வரையப்படுகின்றன என்பது தெரியும். ஆனால் நேரடியாகக் கேட்டால் எல்லோரும் "வாடிக்கையாளரே முதன்மை" என்றுதான் சொல்வார்கள். எதை அளக்கிறார்கள், யாரை வெளியே அனுப்புகிறார்கள் என்பதில்தான் விழுமியம் புலப்படும். வாடிக்கையாளர்கள் விலகிக்கொண்டிருந்த 2007-இல், சேவை மையத்தை அளவுக்கு மீறி அழைத்ததாகக் கூறி ஏறத்தாழ ஆயிரம் பேரின் இணைப்பை ஸ்பிரிண்ட் துண்டித்தது. அந்த முடிவை எடுத்தவர்கள் அழைப்பின் செலவைக் கணக்கிட்டார்கள். மக்கள் ஏன் திரும்பத் திரும்ப அழைக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. இரு நிறுவனங்களின் பண்பாடு மோதியதே தோல்விக்குக் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். என் மதிப்பீட்டில், இரண்டு வலையமைப்பும் இரண்டு தலைமையகமும் இருக்கும்வரை அந்த மோதல் தணிய வழியே இல்லை.

2007-இன் கடைசிக் காலாண்டுக் கணக்கில் அந்நிறுவனம் 2,970 கோடி டாலர் சொத்து மதிப்பை இழப்பாக எழுதி நீக்கியது. அதில் பெரும்பகுதி இந்த இணைப்பால் ஏற்பட்டதே. 2007 டிசம்பரில் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்ற டான் ஹெஸ், தலைமையகத்தை ஓவர்லேண்ட் பார்க்கில் ஒன்றாக்கினார். கட்டமைப்பை அவரால் சில மாதங்களில் திருத்த முடிந்தது. ஐடென் வலையமைப்போ 2013 ஜூன் 30 அன்றுதான் நிறுத்தப்பட்டது. ஆகையால் உங்கள் அறிக்கையில் ஒவ்வொரு பொருத்தமின்மைக்கும் எதிரே, அதைச் சரிசெய்ய எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் எழுதுங்கள். ஆண்டுக்கணக்கில் ஆகும் என்று தெரிபவற்றை இயக்குநர் குழுவிடம் முதலில் கொண்டுசெல்லுங்கள்.