43 கமெண்ட்டில் கட்டாயம் எத்தனை?

கேள்வி: "சமூகவியலில் முனைவர் பட்டம் முடிக்கும் நிலையில் இருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை சினாப்சிஸ் அமர்வு. என் 26 ஸ்லைடுகளில் கைடு, கமிட்டி உறுப்பினர்கள் இருவர், புள்ளியியல் பார்த்துத் தந்த அண்ணன் என நாலு பேர் 43 கமெண்ட் போட்டிருக்கிறார்கள். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடுகிறது. எது கட்டாயம், எதை விட்டாலும் பரவாயில்லை என்று எப்படிப் பிரிப்பது? பக்கத்துக் கடையில் எல்லாவற்றையும் 'கிளியர்' செய்து தருகிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா, ஐயா? ஃபைலை இணைத்திருக்கிறேன்."

கடைக்குக் கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் கமிட்டியில் இருந்த ஓர் அமர்வில் ஒரு மாணவி இப்படித்தான் மாட்டிக்கொண்டார். ஃபைல் பளிச்சென்று இருந்தது, ஒரு கமெண்ட்கூட இல்லை. பிழைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. பவர்பாயின்ட்டில் Review பட்டியில் Delete பக்கத்தில் உள்ள அம்பை அழுத்தினால், ஃபைல் முழுக்க உள்ள கமெண்ட்களை ஒரே சொடுக்கில் அழிக்கும் வசதி வரும். கடைக்காரர் அதை அழுத்திவிட்டுக் காசு வாங்கிக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் வேறு பிரதியும் இல்லை. எனவே இப்போதே ஃபைலை `synopsis_comments.pptx` என்று ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அதில் கை வைக்கக் கூடாது.

ஒன்றைத் திருத்த இன்னொன்று கெடுவதற்குக் காரணம், முதல் ஸ்லைடில் தொடங்கி, படிக்கப் படிக்கத் திருத்திக்கொண்டே போகிறீர்கள். ஸ்லைடை மூடுங்கள். எக்செல் திறந்து ஒவ்வொரு கமெண்ட்டையும் ஒரு வரியாக எழுதுங்கள்: ஸ்லைடின் எண்ணும் தலைப்பும், யார் சொன்னது, அவர் எழுதியது அப்படியே, நீங்கள் செய்ய வேண்டியது. தலைப்பு எதற்கென்றால், நடுவில் ஒரு ஸ்லைடு சேர்த்தால் நேற்றைய 14 இன்றைக்கு 15 ஆகிவிடும். அவர்கள் எழுதியதை உங்கள் சொற்களில் மாற்றாதீர்கள். மாற்றும்போது நமக்கு வசதியான பொருள் வந்து உட்கார்ந்துவிடும்.

கமெண்ட் பலகையில் இருப்பது மட்டுமே கமெண்ட் என்றும் நினைக்க வேண்டாம். 9ஆம் ஸ்லைடில் உங்கள் கைடு சிவப்பு எழுத்தில் ஒரு பெட்டி போட்டிருக்கிறார். 17இல் ஒருவர் கீழே நோட்ஸ் பகுதியில் இரண்டு வரி எழுதியிருக்கிறார், 20இலும் 24இலும் அப்படியே. ஆக 43 அல்ல, 47. வாட்ஸ்அப் குரல் செய்தி ஏதாவது வந்திருந்தால் அதையும் சேருங்கள். மூத்த பேராசிரியர்கள் ஒரே இடத்தில் எழுத மாட்டோம் என்று சபதம் எடுத்திருக்கிறார்கள் போலும். கமெண்ட் எங்கே, எப்போதைக்குள் போட வேண்டும் என்று கேட்பதற்கு ஒரு படிவம் கிடையாது. மாணவர் "எல்லாத் திருத்தங்களும் செய்யப்பட்டன" என்று கையெழுத்துப் போட மட்டும் படிவம் இருக்கிறது.

அடுத்தது சேர்ப்பது. 6ஆம் ஸ்லைடில் கைடு வெறும் "எண்ணிக்கை?" என்று போட்டிருக்கிறார். 11இல் ஓர் உறுப்பினர் "கூட்டல் இடிக்கிறது" என்கிறார். 19இல் அண்ணன் "65 சதவீதமா? ஆய்வேட்டில் 75 இருக்கிறதே" என்கிறார். பார்ப்பதற்கு மூன்று பேர், மூன்று குறை. வேர் ஒன்றுதான். நீங்கள் கொடுத்த வினாப்படிவம் 240, திரும்பி வந்தது 212, முழுமையில்லாத நாலைத் தள்ளியபின் கணக்கில் எடுத்தது 208. 6இல் 212 என்று எழுதிவிட்டு, 11இல் 208க்கு அட்டவணை போட்டு, 19இல் 240ஆல் வகுத்திருக்கிறீர்கள். வீட்டில் தன் சொல்லுக்கு மதிப்பு கூடியது என்று சொன்ன பெண்கள் 156. அதை 240ஆல் வகுத்தால் 65, 208ஆல் வகுத்தால் 75. பட்டியலில் இது ஒரே வரி: "அடிப்படை எண்ணிக்கை எங்கும் 208. 240 எப்படி 212 ஆகி, பிறகு 208 ஆனது என்பது 6இல் மட்டும்."

இதில் முக்கியமான ஒன்று. 22இல் யாரும் கமெண்ட் போடவில்லை. ஆனால் அங்கே "ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள்" என்று முடிவுரை எழுதியிருக்கிறீர்கள். 19ஐத் திருத்திய நொடியில் அது பொய். நான்கில் மூன்று பங்கு என்று மாற வேண்டும். கட்டாய வரி ஒவ்வொன்றுக்கும் "இதனால் வேறு எந்த ஸ்லைடு மாறும்" என்று ஒரு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டம் இல்லாததால்தான் உங்களுக்கு ஒன்று சரியாக, ஒன்று கெடுகிறது.

இப்போது பிரிப்பது. கமெண்ட் எத்தனை பேர் சொன்னது, எவ்வளவு கோபமாகச் சொன்னது என்பதைப் பார்க்காதீர்கள். திருத்தாமல் காட்டினால் ஸ்லைடில் ஒரு வாக்கியம் தவறாகவோ ஆய்வேட்டுக்கு முரணாகவோ நிற்குமா? நிற்கும் என்றால் கட்டாயம். 21இல் "வருமானம் கூடியதால் பங்கேற்பு கூடியது" என்ற வரிக்கு எதிரே "எப்படித் தெரியும்?" என்று சாதுவாக ஒரு கேள்வி இருக்கிறது. அது கேள்வி இல்லை. ஒரே ஒரு முறை எடுத்த சர்வேயை வைத்துக் காரணம் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்றுதான் சொல்லலாம். கட்டாயம். 3ஆம் ஸ்லைடில் நாலு ஆச்சரியக்குறியோடு "பச்சை நிறம் வேண்டாம்" என்றிருக்கிறதே, அது விருப்பம்.

எழுத்தளவு, நிறம், வரிசை பற்றியவை எல்லாம் பொதுவாக விருப்பம்தான். ஆனால் 12ஆம் ஸ்லைடைக் கொஞ்சம் நின்று பாருங்கள். "எழுத்து சிறிது" என்று ஓர் உறுப்பினர் எழுதியிருக்கிறார். நானும் முதலில் விருப்பத்தில்தான் போட்டேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், இரண்டு வட்டாரங்களுக்கு 68, 76 என்று இரண்டு தூண்கள். அச்சு பூஜ்யத்தில் தொடங்கவில்லை, 60இல் தொடங்குகிறது. அதனால் ஒரு தூணின் உயரம் 8, இன்னொன்று 16. கண்ணுக்கு இரண்டாவது வட்டாரம் இரண்டு மடங்காகத் தெரிகிறது. தூணின் மேல் எண் போடவில்லை. 60 என்று சொல்லும் எழுத்தோ 9 புள்ளி அளவில் கிடக்கிறது, பின் வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது. எட்டுப் புள்ளி வித்தியாசத்தை இரட்டிப்பு என்று நம்ப வைக்கும் படம் இது. எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, அச்சைப் பூஜ்யத்திலிருந்து போடுங்கள். சிறிய எழுத்து மறைப்பது என்ன என்று பார்த்துவிட்டுத்தான் விருப்பத்தில் தள்ள வேண்டும்.

உங்கள் 47ஐ நான் சேர்த்துப் பிரித்ததில் 31 வரி வந்தது. கட்டாயம் 8, கேட்டுத் தெளிய வேண்டியவை 5, விருப்பம் 18. கட்டாயத்துக்குள் வரிசை எளிதிலிருந்து கடினத்துக்கு அல்ல, அதிக ஸ்லைடுகளை மாற்றுவது முதலில். 208 முதல் வரி, 21இன் காரணம் இரண்டாவது, 12இன் அச்சு மூன்றாவது. விருப்பத்தில், ஒரே சொடுக்கில் முடிவதைச் செய்யுங்கள். மற்றவற்றுக்குப் புதன் இரவு வரை நேரமிருந்தால் பார்ப்போம்.

கேட்டுத் தெளிய வேண்டிய அந்த ஐந்தை இன்றே அனுப்புங்கள், பதில் வர நாளாகும். 14இல் ஓர் உறுப்பினர் கோட்பாட்டு ஸ்லைடை எடுத்துவிடச் சொல்கிறார், இன்னொருவர் விரிக்கச் சொல்கிறார். நீங்கள் நடுவில் நின்று பாதி விரித்துப் பாதி வெட்டாதீர்கள். இருவர் சொன்னதையும் அப்படியே ஒட்டி, "ஐயா, 14ஐ இப்போதுள்ள அளவிலேயே வைத்து, விரிவை கடைசியில் கூடுதல் ஸ்லைடாகப் போடுகிறேன். வேறு மாதிரி வேண்டுமென்றால் செவ்வாய்க்குள் சொல்லுங்கள்" என்று கைடுக்கு எழுதுங்கள். மற்ற இருவருக்கும் நகல். பதில் வராவிட்டால் அந்தக் கடிதமே உங்கள் பதில், அச்செடுத்து அமர்வுக்குக் கொண்டுபோங்கள்.