ஹேப்பி பாஸா, குண்டுமணியா? பெட் கடைக்கு பேர் வைக்கிறதுல இருக்கிற சட்ட விஷயம்

கேள்வி: வணக்கம் மேடம், நானும் தங்கச்சியும் கோயம்புத்தூர்ல நாய், பூனைக்கு குரூமிங் பண்ற கடை போடறோம், கூடவே பெட் ஃபுட்டும் விப்போம். 'ஹேப்பி பாஸ் பெட் ஸ்பா'ன்னு பேர் யோசிச்சு வெச்சிருக்கோம். ஜிஎஸ்டியும் உத்யமும் அந்தப் பேர்ல எடுத்துட்டா பேர் நம்மளுதுதான்னு ஆடிட்டர் சொல்றார். தங்கச்சி எங்க நாய் பேரு 'குண்டுமணி'யையே வெக்கலாம்கிறா. போர்டுக்காரர் அட்வான்ஸ் கேக்கறார். எதை வெக்கட்டும்?

பதில்: போர்டுக்காரருக்கு இப்போதைக்கு ஒரு ரூபாயும் குடுக்காதீங்க. முதல்ல ஆடிட்டர் சொன்னதைப் பாப்போம். ஜிஎஸ்டி வரி கட்டறதுக்கு, உத்யம் நீங்க சின்ன தொழில்னு காட்டறதுக்கு, அவ்ளோதான். அதே பேர்ல பக்கத்து தெருவுல இன்னொருத்தர் ஜிஎஸ்டி எடுத்தாலும் அந்த ஆபீஸ் தடுக்காது. பேருக்கு உரிமை வர்றது ரெண்டே வழியில, ஒண்ணு டிரேட்மார்க் ரிஜிஸ்ட்ரேஷன், இன்னொண்ணு முதல்ல பயன்படுத்தினது நீங்கதான்னு காட்டக்கூடிய ஆதாரம்.

ரெண்டாவதை லேசா எடுத்துக்காதீங்க. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2015ல தீர்ப்பு. அந்தப் பேரை சேத்து ரிஜிஸ்டர் பண்ணியிருந்தவர் தோத்தார், ஏன்னா அந்தப் பேர்ல முன்னாடியே வியாபாரம் பண்ணிட்டிருந்தது இன்னொருத்தர், ரிஜிஸ்ட்ரேஷன் இருந்தாலும் முதல்ல பயன்படுத்தினவர் உரிமை அதுக்கும் மேலன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஆன்லைன்ல ரிஜிஸ்டர்ல தேடிப் பாத்து "யாரும் இல்ல"ன்னு வந்தாலும் அது பாதி வேலைதான்னு சொல்றது இதனாலதான்.

இப்ப ஹேப்பி பாஸ். பேர் அழகாத்தான் இருக்கு, ஆனா சட்டத்துல ரொம்ப சோனி. டிரேட்மார்க் சட்டம் 1999, 9வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, பொருளையோ சேவையையோ விவரிக்கிற வார்த்தையை மட்டும் வெச்சு ஒருத்தர் தனி உரிமை கேக்க முடியாது. பெட் ஸ்பாங்கறது நீங்க பண்ற வேலையோட பேரு, பாஸ்ங்கறது இந்தத் தொழில்ல எல்லாரும் போடற பாதம், ஹேப்பிங்கறது புகழ்ச்சி. "மேஜிக் மசாலா"ன்னு போட்டதுக்கு ரெண்டு பெரிய நூடுல்ஸ் கம்பெனிங்க சண்டை போட்டப்ப மேஜிக்ங்கறது புகழ்ச்சி வார்த்தை, யாருக்கும் தனிச் சொத்து இல்லன்னு சென்னை ஹைகோர்ட் சொன்னது இதே லைன்தான். ஆபீசர் ஆட்சேபம் போடுவார், ஏற்கனவே பாஸ் வெச்சிருக்கிறவங்க லிஸ்ட்டையும் கூடவே ஒட்டி அனுப்புவார்.

சட்டத்தை விடுங்க, அந்தப் பேரை தமிழ் போர்டுல எழுதிப் பாருங்க. 'ஹேப்பி பாஸ்'. படிக்கிறவன் முதலாளி பாஸ்னு நினைப்பான், இல்ல பரீட்சை பாஸ்னு நினைப்பான், நாய்ப் பாதம் யாருக்கும் தோணாது! ஃபோன்ல கேக்கறவங்க எப்படி சொல்வாங்க, கூகுள்ல எப்படி டைப் பண்ணுவாங்கன்னும் பாருங்க. கோர்ட்டும் பேரை காதுல கேட்டுத்தான் ஒப்பிடும், 1962ல அமிர்ததாரா, லட்சுமண்தாரா ரெண்டும் ஆள் குழம்பற அளவுக்கு ஒத்துப்போகுதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது, அரைகுறை ஞாபகத்தோட வர்ற சாதாரண ஆளை மனசுல வெச்சுத்தான். ஹேப்பி பாஸை ஹேப்பி பாவ்ஸ்னு மாத்தி எழுதிட்டா தப்பிச்சிடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

உங்க தங்கச்சி சொன்னதுதான் சரி. குண்டுமணிக்கும் நாய் குளிப்பாட்டறதுக்கும் சம்பந்தமே இல்ல, அதனாலயே அது வலுவான பேர். எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை, வாய்ல சட்டுனு வரும், கொஞ்சற மாதிரியும் இருக்கு. 'குண்டுமணி பெட் ஸ்பா'ன்னு வெச்சாலும் காவல் குண்டுமணிக்குத்தான், பின்னாடி ஒட்டற வார்த்தைக்கு தனியா உரிமை வராது. அதனால முதல்ல வெறும் வார்த்தையா அப்ளை பண்ணுங்க, லோகோவை அப்புறம் பாத்துக்கலாம். (லோகோவுல நாய் முகத்தையே போடுங்க, அந்த சிவப்பு விதை படம் வேணாம், அது விஷ விதை, தீனிப் பாக்கெட் மேல எதுக்கு?)

தேடறது எப்படின்னா tmrsearch.ipindia.gov.in போங்க, வேர்ட்மார்க் தேடல்ல 'contains' வெச்சு Kundumani, Gundumani, Kunthumani, Gundu Mani எல்லாம் தனித்தனியா போட்டுப் பாருங்க, தமிழ்ப் பேரை ஆளாளுக்கு ஒரு ஸ்பெல்லிங்ல எழுதியிருப்பாங்க. அப்புறம் உச்சரிப்பை வெச்சுத் தேடற ஃபொனெட்டிக் தேடலும் பண்ணுங்க. எந்த கிளாஸ்ல, அதாவது பொருளையும் சேவையையும் பிரிச்சு வெச்சிருக்கிற எந்த வகையிலன்னா, மிருகங்களுக்கு குரூமிங் 44, அடுத்தவங்க பிராண்ட் தீனியை கடையில வெச்சு விக்கிறது 35, உங்க பேர்லயே தீனி பாக்கெட் போட்டா 31, ஷாம்பூ போட்டா 3. நகைக்கடைக்காரர் யாராவது குண்டுமணி வெச்சிருந்தா பெருசா கவலைப்பட வேணாம், 31லயோ 44லயோ இருந்தா பேரை மாத்திக்கோங்க. ரிஜிஸ்டர்ல இல்லாதவங்களையும் பாக்கணும்னு சொன்னேன்ல, அதுக்கு கூகுள் மேப், இன்ஸ்டா ரெண்டுலயும் தேடுங்க.

நீங்க கேட்டபடி பாத்தா இப்போதைக்கு 44, 35 ரெண்டு கிளாஸ் போதும். தனி ஆள் பேர்ல ஆன்லைன்ல போட்டா ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபாய், ஆக 9,000, வக்கீல் ஃபீஸ் தனி. பார்ட்னர்ஷிப் பேர்ல போட்டா சாதாரண கட்டணம் ஒரு கிளாஸுக்கு 9,000, உத்யம் சர்ட்டிஃபிகேட் இருந்தா 4,500தான், ஆடிட்டர் எடுத்துக் குடுத்த உத்யம் இங்கதான் உதவும். யார் பேர்ல போடறீங்கங்கறதை இப்பவே உக்காந்து பேசிக்கோங்க, அக்கா தங்கச்சிக்குள்ள எழுத்தெல்லாம் எதுக்குன்னு விட்டுட்டு அப்புறம் ரெண்டு பேரும் தனித்தனி வக்கீலோட வந்து நின்ன கதை நான் நிறைய பாத்திருக்கேன். ரெண்டு பேரும் சேந்து நடத்தறதா இருந்தா பத்திரம் எழுதி ஃபர்ம் பேர்ல போடுங்க.

டிரேட்மார்க் அப்ளிகேஷன் போடற ஃபார்ம் டிஎம்-ஏல குண்டுமணின்னா என்ன அர்த்தம்னு மொழிபெயர்ப்பு குடுக்கணும். கடை இன்னும் திறக்கலன்னா 'இனிமேதான் பயன்படுத்தப் போறோம்'னு போடுங்க, சும்மா பழைய தேதி போட்டா பிரமாணப் பத்திரமும் பில்லும் கேப்பாங்க, மாட்டிக்குவீங்க. ஆபீசர் ஆட்சேப ரிப்போர்ட் அனுப்பினா கைக்கு வந்து 30 நாளுக்குள்ள பதில் போகணும், பாதி பேர் இங்கதான் கோட்டை விடறாங்க. அதைத் தாண்டினா டிரேட்மார்க் ஆபீஸ் வெளியிடற ஜர்னல்ல வரும், 4 மாசம் யாரும் எதிர்ப்பு போடலன்னா சர்ட்டிஃபிகேட், அப்ளிகேஷன் தேதியிலிருந்து 10 வருஷம் செல்லும். அதுவரைக்கும் பேர் பக்கத்துல ™ போடலாம், வட்டத்துக்குள்ள ஆர் போடக்கூடாது, ரிஜிஸ்டர் ஆகாம அதைப் போடறது சட்டப்படி தப்பு.

இன்னொண்ணு. பேர்ல கிளினிக், ஹாஸ்பிடல், வெட்னு எதுவும் சேக்காதீங்க, உங்ககிட்ட கால்நடை டாக்டர் இல்லல்ல, அது ஜனங்களை ஏமாத்தற பேரா போயிடும்.

ரெண்டு நாள் தேடிட்டு, அப்ளிகேஷன் நம்பர் கையில வந்தப்புறம் போர்டுக்காரரைக் கூப்பிடுங்க. தமிழ் எழுத்து முதல்லயும் பெருசாவும் இருக்கணும்னு கடை போர்டுக்கே தனியா விதி இருக்கு, அதையும் சொல்லிடுங்க. போர்டு மாட்டின அன்னிக்கு தேதியோட ஒரு ஃபோட்டோ, முதல் பில்லோட காப்பி, பேர் போட்ட கவர் அடிச்ச பில், இதெல்லாம் ஒரு ஃபைல்ல போட்டு வீட்ல வைங்க, கடையில வேணாம், குண்டுமணி கடிச்சு வெச்சிடும்.