அல்னா குழிந்திருந்தால் மட்டும் ரிக்கெட்ஸ் ஆகாது, பக்கத்தில் ரேடியஸைப் பாருங்கள்

கேள்வி: "ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன், டாக்டர். 20 மாதப் பெண் குழந்தை, இன்னும் தனியாக நடக்கவில்லை, இரண்டு மணிக்கட்டும் தடித்திருக்கிறது. எக்ஸ்ரேயில் அல்னாவின் முனை குழிந்து தெரிகிறது. இதை வைத்து ரிக்கெட்ஸ் என்று எழுதலாமா? 6 லட்சம் யூனிட் வைட்டமின் டி ஊசி ஒன்று போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்."

ஊசியை இன்று போடாதீர்கள், முதலில் ரத்தம் எடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அல்னா குழிவை மட்டும் நம்பி ரிக்கெட்ஸ் என்று எழுதவும் வேண்டாம். இந்த வயதில் எந்தக் குறையும் இல்லாத குழந்தைகளிலும் அல்னாவின் கீழ்முனை லேசாகக் குழிந்திருப்பது சகஜம். அப்படி இயல்பாகக் குழிந்த முனையின் விளிம்பு பென்சிலால் கோடு போட்டதுபோல் தெளிவாக, வெள்ளையாக இருக்கும். ரிக்கெட்ஸில் அந்தக் கோடுதான் முதலில் காணாமல் போகும். குழிவா இல்லையா என்பதைவிட, விளிம்பு இருக்கிறதா கரைந்துவிட்டதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

கோடு ஏன் போகிறது என்று தெரிந்தால் படத்தில் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வளரும் எலும்பின் முனையில் குருத்தெலும்புச் செல்கள் வரிசையாக அடுக்கி நிற்கின்றன. அவை பருத்து, மடிந்து, அந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்துதான் எலும்பு உருவாகிறது, அப்படிச் சுண்ணாம்பு படியும் இடமே நாம் பார்க்கும் வெள்ளைக் கோடு. செல்கள் உரிய நேரத்தில் மடிவதற்கு ரத்தத்தில் பாஸ்பேட் வேண்டும். வைட்டமின் டியோ கால்சியமோ குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறும், அது சிறுநீர் வழியாகப் பாஸ்பேட்டை வெளியே தள்ளிவிடும். செல்கள் மடியாமல் குவிந்துகொண்டே போகும், சுண்ணாம்பும் ஏறாது. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் நமக்கு அது அகலமான கறுப்பு இடைவெளியாகத் தெரிகிறது. அந்த மென்மையான முனைதான் அழுத்தம் தாங்காமல் பக்கவாட்டில் விரிகிறது, நடுவில் குழிகிறது. வெளியே கையில் தடவினால் தட்டுப்படும் வீக்கமும் அதே விரிவுதான்.

சரி, படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உள்ளங்கையின் சிறு எலும்புகள், விரல் எலும்புகளின் ஓரங்களைப் பாருங்கள். அவையும் மங்கலாக இருந்தால் குழந்தை கையை அசைத்திருக்கிறது, அந்தப் படத்தில் முனையின் விளிம்பு பற்றி எதுவும் சொல்ல முடியாது, திரும்ப எடுக்க வேண்டும். கை சாய்ந்து படமானாலும் முனை குழிந்ததுபோல் ஏமாற்றும். அவையெல்லாம் கூர்மையாக இருந்து, ரேடியஸ், அல்னா முனைகள் மட்டும் மங்கினால் அதை நம்பலாம்.

அடுத்து ரேடியஸுக்குப் போங்கள். அல்னாவின் கீழ்நுனி எலும்புக்கரு ஏறக்குறைய 5 முதல் 7 வயதில்தான் தோன்றும், ஆகவே 20 மாதக் குழந்தையின் அல்னாவில் இடைவெளி அகலமா இல்லையா என்று அளக்க எதிரே ஒன்றுமே கிடையாது. ரேடியஸின் நுனிக்கரு ஒரு வயதையொட்டி வந்துவிடும். அந்தக் கருவுக்கும் தண்டின் முனைக்கும் நடுவே உள்ள கறுப்புப் பட்டை இயல்பில் மெல்லியது. ரிக்கெட்ஸில் அது வெளிப்படையாக அகன்றிருக்கும், கருவின் ஓரமும் மங்கியிருக்கும். தண்டின் முனை, மென்ற வேப்பங்குச்சியின் நுனிபோல நார் நாராகப் பிரிந்திருந்தால் அதுதான் பிசிறல். ரேடியஸில் கோடு மறைந்து, பட்டை அகன்று, பிசிறும் இருந்தால் கூடவே இருக்கும் அல்னா குழிவுக்கு மதிப்பு வருகிறது, அப்போது தயங்காமல் ரிக்கெட்ஸ் என்று எழுதுங்கள். ரேடியஸ் சுத்தமாக இருந்து அல்னா மட்டும் கூரான விளிம்போடு குழிந்திருந்தால் அது பெரும்பாலும் இயல்பு. மணிக்கட்டு வீக்கம் உண்மையென்று உங்கள் கைக்குத் தோன்றினால் முழங்காலையும் ஒரு படம் எடுங்கள்.

தீவிரத்தைக் குறிக்க தாச்சர் மதிப்பெண் பயன்படும். மணிக்கட்டுக்கு 4, முழங்காலுக்கு 6, மொத்தம் 10. அகலமும் ஒழுங்கற்ற விளிம்பும் மட்டும் என்றால் அந்த எலும்புக்கு 1, குழிவும் பிசிறலும் சேர்ந்தால் 2. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

படம் சொல்லாத ஒன்று இருக்கிறது, ரிக்கெட்ஸ் எதனால் வந்தது என்பது. வைட்டமின் டி குறைவு, கால்சியம் குறைவு, சிறுநீரகத்தில் பாஸ்பேட் கசியும் பரம்பரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு எல்லாமே இதே முனையைத்தான் காட்டும். அதனால்தான் ஊசிக்கு முன் ரத்தம். ஊசி போட்ட பிறகு வைட்டமின் டி அளவைப் பார்த்துப் பயனில்லை. கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், கிரியேட்டினின் நான்கும் கட்டாயம், முடிந்தால் வைட்டமின் டியும் பாராதைராய்டு ஹார்மோனும்.

நான் பார்த்த ஒரு 2 வயதுப் பையனின் அறிக்கையைச் சொல்கிறேன். கால்சியம் 8.6, பாஸ்பரஸ் 2.9, ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் 1,250. பாஸ்பரஸுக்குப் பக்கத்தில் 'இயல்பு' என்று அச்சாகியிருந்தது, ஏனென்றால் ஆய்வகம் போட்டிருந்தது 2.5 முதல் 4.5 என்ற பெரியவர்களின் வரம்பு. அந்த வயதுக் குழந்தைக்கு 4க்குக் கீழே போனாலே குறைவு என்று சந்தேகப்பட வேண்டும். இந்த ஒரு வரம்பினால் தவறவிடப்படும் குழந்தைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, தயவுசெய்து வயதுக்கான வரம்பைக் கேட்டு வாங்குங்கள். அவனுக்கு வைட்டமின் டி 6 நானோகிராம், பாராதைராய்டு ஹார்மோன் ஏறியிருந்தது, ஆகவே சத்துக்குறை ரிக்கெட்ஸ். பாராதைராய்டு ஹார்மோன் பெரிதாக ஏறாமல், கால்சியம் இயல்பாக இருந்து, பாஸ்பரஸ் மட்டும் விழுந்திருந்தால் பாஸ்பேட் கசிவை நினையுங்கள். ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் தாழ்ந்திருந்தால் அது ஹைபோபாஸ்பேட்டேசியாவாக இருக்கலாம், அங்கே வைட்டமின் டியும் கால்சியமும் தீங்கு செய்யும். கால்சியம் ரொம்பக் குறைந்திருந்தாலோ வலிப்பு வந்திருந்தாலோ அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

சத்துக்குறைதான் என்று உறுதியானால், 2016 சர்வதேச ஒருமித்த பரிந்துரைப்படி ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்குத் தினமும் 3,000 முதல் 6,000 யூனிட், குறைந்தது 12 வாரம், வாய்வழியே. ஒரே தவணையாகத்தான் கொடுக்க முடியும் என்றால் இந்த வயதுக்கு ஒன்றரை லட்சம், நீங்கள் நினைத்த 6 லட்சம் அதைப்போல் நான்கு மடங்கு. கூடவே உணவையும் சேர்த்துத் தினம் 500 மில்லிகிராம் கால்சியம் கண்டிப்பாக வேண்டும். நைஜீரியக் குழந்தைகளிடம் நடந்து 1999இல் வெளிவந்த ஆய்வில், கால்சியம் பெற்றவர்கள் வைட்டமின் டி மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் பால், ராகி எதுவும் சாப்பிடாத குழந்தைக்கு ரிக்கெட்ஸ் வந்தால் இது நினைவில் இருக்கட்டும்.

நாலு வாரம் கழித்து அதே மணிக்கட்டை எடுங்கள். மறைந்த வெள்ளைக் கோடு திரும்ப வந்திருக்கும். ஆனால் பழைய தண்டின் முனையோடு ஒட்டாமல், நடுவில் ஒரு கறுப்புப் பட்டை விட்டுத் தனியாக நிற்கும். அதை எலும்பு முறிவு என்று எழுதிவிடாதீர்கள், குணமாவதன் முதல் அடையாளமே அதுதான். அந்தப் பட்டை பிறகு மெல்ல நிரம்பும். 3 மாதம் மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் கோடு வரவில்லை, பாஸ்பரஸும் ஏறவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடமோ சிறுநீரக நிபுணரிடமோ அனுப்புங்கள், முதல் படத்தையும் கையில் கொடுத்து.