ஜனவரியில் சூரியன் கிட்டே, அப்புறம் ஏன் குளிர்?

ஆறாம் வகுப்பு ஆசிரியை: சூரியனுக்குக் கிட்டே போனால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்றே பிள்ளைகள் எழுதுகிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

தேதியிலிருந்து ஆரம்பியுங்கள் டீச்சர். பூமி சூரியனுக்கு மிகக் கிட்டே வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ரொம்பத் தள்ளிப் போவது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி. டெல்லி நடுங்குவது ஜனவரியில். அதே ஜனவரியில் சிட்னியில் கோடை. தூரம்தான் காரணமென்றால் இரண்டு ஊருக்கும் ஒரே பருவமல்லவா வர வேண்டும்? இதைப் பிள்ளைகள் வாயாலேயே வரவழைத்துவிட்டு, டார்ச்சைச் சூரியனாக வைத்துக் குளோப் சோதனைக்குப் போங்கள்.

ஒரு அப்பா: செய்து பார்த்தோம் சார். குளோபை டார்ச்சைச் சுற்றிக் கொண்டுபோனால் குளிர்காலமே வரமாட்டேன் என்கிறது!

சுற்றும்போது ஸ்டாண்டையும் சேர்த்துத் திருப்பியிருப்பீர்கள். பலரும் தடுக்கிவிழும் இடம் இது. 23.5 டிகிரி சாய்ந்த அச்சின் வட முனை ஆண்டு முழுக்க ஒரே திசையைத்தான் பார்க்கும். அந்தத் திசை உங்கள் ஜன்னல் என்று வையுங்கள். மேஜை நடுவில் ஒருவர் டார்ச்சைக் குளோப் பக்கமே காட்டியபடி திரும்பட்டும். நீங்கள் குளோபை நகர்த்துங்கள், ஸ்டாண்டைத் திருப்பாதீர்கள். டெல்லி மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. குளோப் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் ஜூன்: உருண்டையை மெல்லச் சுழற்றினால் பொட்டு நெடுநேரம் வெளிச்சத்தில் இருக்கும். ஜன்னல் பக்கம் வந்தால் டிசம்பர்: சீக்கிரமே இருட்டுக்குள் போய்விடும். நிஜ டெல்லியில் அது ஏறக்குறைய 14 மணி நேரப் பகல், 10 மணி நேரப் பகல்.

கல்லூரி மாணவர்: சாய்வதால் வட பாதி சூரியனுக்குக் கிட்டே போகிறது, அதுதானே கோடை?

சாய்வு என்றது சரி, "கிட்டே" என்றது தவறு. பூமியின் குறுக்களவே சுமார் 12,700 கிலோமீட்டர்தான். ஐம்பது லட்சம் கிலோமீட்டர் வித்தியாசமே பருவத்தைத் தீர்மானிக்காதபோது இது எம்மாத்திரம்? ஆனால் டார்ச்சை ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் சோதனையே உங்களை ஏமாற்றும். சாய்ந்த பக்கம் நிஜமாகவே கிட்டே வந்து பளிச்சென்று தெரியும். இரண்டு மீட்டராவது தள்ளிப் பிடியுங்கள்.

வெயில் விழும் கோணம்தான் விஷயம். கட்டம் போட்ட தாளில் டார்ச்சை நேராக அடித்து, வெளிச்சம் விழும் கட்டங்களை எண்ணுங்கள். அதே தூரத்திலிருந்து சரித்து அடியுங்கள்; வட்டம் நீள்வட்டமாகிக் கட்டங்கள் கூடும், ஒவ்வொரு கட்டமும் மங்கும். டெல்லியின் நண்பகல் சூரியன் ஜூனில் 85 டிகிரி உயரத்தில், டிசம்பரில் 38 டிகிரியில்.

சென்னைவாசி: எங்களுக்கு ஏப்ரல், மேயிலேயே கொதிக்கிறதே? ஜூனில்தான் சூரியன் மிக உயரம் என்ற கணக்கு எங்கே போனது?

சென்னைக்குச் சூரியன் நேர் உச்சியில் வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில். ஜூனில் அது உச்சியைத் தாண்டி வடக்கே போயிருக்கும். ஆகஸ்ட் நடுவில் மறுபடி உச்சிக்கு வரும்.

அவரே: அப்படியானால் ஆகஸ்டும் ஏப்ரல் மாதிரி கொளுத்த வேண்டுமே?

அதற்குள் தென்மேற்குப் பருவக்காற்றும் மேகமும் வந்துவிடும். டார்ச்சில் மேகம் கிடையாது. இந்த இடத்தில் குளோப் சோதனை கைகொடுக்காது.