மைலோ டின்னுக்குள் ரப்பர் கொட்டை

கேள்வி: எங்கள் எஸ்டேட் வீட்டு மைலோ டின்னில் ரப்பர் கொட்டை இருப்பதை என் மூன்றரை வயது மகன் திறந்து பார்த்துவிட்டான். பார்க்காத அக்காவும் "உள்ளே கொட்டை" என்றுதான் சொல்வாள் என்கிறான். ஏன் இப்படி?

அந்த வயதுக்கு இயல்புதான். ஒருவர் தவறாக நம்பக்கூடும் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு, ஐந்து வயதில்தான் பிடிபடுகிறது. 1987-இல் உளவியலாளர் பெர்னர் குழுவினர் மிட்டாய்ப் பெட்டிக்குள் பென்சில் வைத்து இதையே சோதித்தார்கள்.

அப்புறம், "திறப்பதற்கு முன் நீ என்ன நினைத்தாய்?" என்று கேளுங்கள். சற்றுமுன் "மைலோ" என்றவனே இப்போது "கொட்டை" என்பான், பெரும்பாலும். பொய்யில்லை, தன் பழைய நம்பிக்கையே அவனுக்கு எட்டவில்லை. எனக்கு இதுதான் அதிக வியப்பு.

ஆனால், அக்கா டின்னைத் திறந்து பார்த்தாளா என்றும் கேட்டுவிடுங்கள். அதிலேயே தடுமாறினால் சிக்கல் நினைவாற்றலிலோ கேள்வி புரிவதிலோ இருக்கலாம்.