சோலார் நெட் மீட்டர் பில்: எக்ஸ்போர்ட், போன பில் மிச்சம், கட்டவேண்டிய தொகை

கேள்வி: மதுரையில் வீட்டுக்கு 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். ஆப்பில் இரண்டு மாத உற்பத்தி 520 யூனிட். பில்லில் எக்ஸ்போர்ட் 288 தான் இருக்கிறது. போன பில்லில் 120 யூனிட் மிச்சம் இருந்தது. இந்தத் தடவை 193 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். இது சரியா?

இம்போர்ட், அதாவது மின் வாரியத்திடமிருந்து நீங்கள் வாங்கியது, 590 யூனிட் என்றால் சரிதான். அந்த எண் பில்லில் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

ஆப் காட்டுவது இன்வெர்ட்டர் உற்பத்தி செய்த மொத்தம். பகலில் ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்ஸி ஓடும்போது அதில் ஒரு பங்கு வீட்டுக்குள்ளேயே செலவாகிவிடும். மீட்டரைத் தாண்டி எக்ஸ்போர்ட்டாக வெளியே போவது மீதி மட்டும்தான். 520-ல் 288 போக 232 யூனிட்டை நீங்களே பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது பில்லில் எங்கேயும் வராது. வராததால் நஷ்டம் ஒன்றுமில்லை, அந்த 232 யூனிட்டை வாரியத்திடமிருந்து வாங்காமல் தவிர்த்துவிட்டீர்கள்.

இனி கணக்கு. இம்போர்ட் 590-ல் எக்ஸ்போர்ட் 288-ஐக் கழித்தால் 302. போன பில் மிச்சம் 120-ஐயும் கழித்தால் 182. இந்த 182-க்குத்தான் ஸ்லாப் பார்க்கிறார்கள். 2024 ஜூலை கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய். ஆக 82 × 2.35 = 192.70. அதுதான் 193 ஆகியிருக்கிறது. வீட்டு இணைப்புக்கு நிலைக்கட்டணம் இப்போது கிடையாது, அதனால் மேலே வேறொன்றும் ஏறவில்லை.

அந்த 120 யூனிட் மிச்சம் இல்லாமல் இருந்திருந்தால் 302 யூனிட்டுக்குக் கட்டியிருப்பீர்கள். 200-க்கு மேல் யூனிட் 4.70 என்பதால் 714.40 வந்திருக்கும். 120 யூனிட்டின் மதிப்பு 521.70 ரூபாய். சோலாரே இல்லை என்றால் வீட்டின் மொத்தச் செலவு 590 + 232 = 822 யூனிட். 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்கான 2.35 சலுகையும் போய்விடும், மேல் யூனிட்களின் விலையும் ஏறும். அப்போது பில் ஐயாயிரம் ரூபாயைத் தொட்டிருக்கும். மிச்சம் முதலில் விலை கூடிய மேல் ஸ்லாப்பிலிருந்து குறைகிறது, நெட் மீட்டரில் பணம் மிச்சமாவது இதனால்தான்.

இந்த மிச்சம் என்றென்றைக்கும் நிற்காது. கணக்கு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. மார்ச்சில் கையில் நிற்கும் யூனிட்டுக்கு நீங்கள் வாங்கும் விலை கிடைக்காது. மதுரை வெயிலில் ஏ.சி. ஓயாமல் ஓடப்போவது அதற்கு அடுத்த இரண்டு மாதம். ஜனவரியிலிருந்து மிச்சம் சேர்த்துவைத்து மே மாதத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

தவறு வருவது பெரும்பாலும் ரீடிங்கில்தான். ஒவ்வொரு பில்லிலும் எக்ஸ்போர்ட்டின் முந்தைய ரீடிங்கும் இப்போதைய ரீடிங்கும் ஒன்றாகவே இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் எக்ஸ்போர்ட்டை எடுக்காமல் விட்டுவிட்டார்கள், இம்போர்ட் முழுவதுக்கும் பில் போட்டிருப்பார்கள். அடுத்தது, போன பில்லில் மிச்சம் என்று முடிந்த எண்தான் இந்த பில்லில் தொடங்குகிறதா என்பது. மீட்டர் மாற்றிய மாதத்தில் பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் புது மீட்டரின் முதல் ரீடிங்கையும் தனியாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில்தான் அதிகம் குழம்பும்.

மீட்டரையே சோதிக்க வேண்டுமானால் வெயில் நேரத்தில் செய்யுங்கள். பட்டனை அழுத்தினால் எண்கள் மாறிமாறி வரும். பல மீட்டர்களில் 1.8.0 இம்போர்ட், 2.8.0 எக்ஸ்போர்ட். இரண்டையும் குறித்துக்கொண்டு வீட்டுச் சுமைகளின் எம்.சி.பி.யை மட்டும் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மெயினை அணைத்துவிடாதீர்கள், கரண்ட் இல்லாவிட்டால் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். இம்போர்ட் அசையக்கூடாது, 2.8.0 ஏறவேண்டும், ஏறிய அளவு அந்த ஒரு மணி நேரத்தில் ஆப் காட்டும் உற்பத்திக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். எக்ஸ்போர்ட் ஏறும் நேரத்தில் இம்போர்ட்டும் சேர்ந்து ஏறினால் மீட்டரிலோ வயரிங்கிலோ கோளாறு.

நெட் மீட்டர் வைக்கும் முன்பே பேனலை ஆன் செய்துவிடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இன்னொரு இடத்தில். பழைய எலக்ட்ரானிக் மீட்டர்கள் பலவும் வெளியே போகும் யூனிட்டையும் இம்போர்ட்டாகவே எண்ணும், அதனால் சோலார் போட்ட பிறகு பில் கூடிவிடும். மீட்டர் மாறும்வரை இன்வெர்ட்டரை அணைத்து வைப்பதுதான் வழி.

ரீடிங் தவறு என்று தெரிந்தால் கட்டவேண்டிய கடைசி நாளுக்கு முன்பே உங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். இணைப்பு எண், மீட்டர் ரீடிங் படம், கடைசி இரண்டு பில்களின் நகல், இவை போதும்.