ஆமைக் கதையில் பூமி தலையாட்டக் கூடாது

கேள்வி: என் 7 வயது மகளுக்கு இரவில் சொல்ல ஓர் ஆமைக் கதை உருவாக்கி வருகிறேன். பூமி சாய்ந்திருப்பதால்தான் பருவங்கள் மாறுகின்றன என்று ஆமை தெரிந்துகொள்வதாகக் கதை. “பூமி சூரியன் பக்கம் சாயும்போது நாம் கிட்டப் போய்விடுகிறோம், அதனால் கோடை. அப்புறம் மறுபக்கம் சாய்கிறது, குளிர்காலம் வருகிறது” என்று சொன்னேன். “அப்போ பூமி ஆடிக்கிட்டே இருக்குமா?” என்று கேட்டுவிட்டாள். கதையை எப்படிச் சரிசெய்வது?

பதில்: பூமி ஆடுவதில்லை. அதன் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது, வருடம் முழுக்க ஒரே திசையைப் பார்த்தபடியே சாய்ந்திருக்கிறது. அப்படிச் சாய்ந்தபடியே அது சூரியனைச் சுற்றி வருகிறது. ஜூனில் பூமி இருக்கும் இடத்தில், வட துருவத்தின் சாய்வு சூரியன் பக்கமாக அமைந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் பூமி சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. சாய்வு மாறவில்லை, ஆனால் இப்போது சூரியன் எதிர்ப்பக்கம் இருக்கிறது. மாறுவது பூமி நிற்கும் இடம் மட்டும்தான். உங்கள் மகளின் கேள்வி கதையில் இருக்கும் ஓட்டையை நேராகத் தொட்டிருக்கிறது.

“கிட்டப் போய்விடுகிறோம்” என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தள்ளி இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி. அதாவது வடகோளத்தில் குளிர் நடுக்கும்போதுதான் சூரியன் பக்கத்தில் இருக்கிறது. சாய்வதால் ஒரு பாதி கிட்டப் போகும் தூரம் சில ஆயிரம் கிலோமீட்டர், 15 கோடியில் அது கணக்கிலேயே வராது.

வெப்பம் மாறுவதற்குக் காரணம் வெயில் விழும் கோணமும் பகலின் நீளமும். வடக்கே 40 டிகிரி அட்சரேகையில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் கடைசியில் அங்கே உச்சிவேளைச் சூரியன் அடிவானத்திலிருந்து 73 டிகிரி உயரத்தில் நிற்கும், பகல் 15 மணி நேரம். டிசம்பர் கடைசியில் 27 டிகிரிதான் ஏறும், பகல் ஒன்பதே கால் மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அவ்வளவு சாய்வாக விழும்போது, ஒரு சதுர மீட்டருக்கான வெயில் இரண்டு சதுர மீட்டருக்கும் மேல் பரவிவிடுகிறது. அறையில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை நேராகத் தரையில் அடித்துக் காட்டுங்கள், பிறகு சாய்த்து அடியுங்கள். வட்டம் நீளமாகி மங்குவதைக் குழந்தை தானே சொல்லிவிடும்.

இந்த விஷயத்துக்கு ஆமை நல்ல தேர்வு. ஆமையின் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. காலையில் வெயிலில் கிடந்து ஓடு சூடேறிய பிறகுதான் சுறுசுறுப்பாக நடக்கும், இலை தின்னும். வெயில் எவ்வளவு உறைக்கிறது என்பது அதற்கு வயிற்றுப்பாடு. ஆனால் அங்கேயே கதைக்கு ஒரு சிக்கலும் இருக்கிறது. குளிர் நாடுகளில் வாழும் தரை ஆமைகள் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் உறங்குகின்றன. நிழல் மிக நீளமாக இருக்கும் டிசம்பரை உங்கள் ஆமை பார்க்கவே முடியாது. அதனால் தெற்கே போய்வரும் ஒரு துணை வேண்டும். தகைவிலான் குருவி இதற்குச் சரியாகப் பொருந்தும். வடக்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கும் முன் பறந்துபோய் வசந்தத்தில் திரும்பும் பறவை அது. அதில் ஒரு கூட்டம் பூமத்தியரேகையைத் தாண்டித் தென்கோளம் வரை போகிறது.

நான் சொல்வதாக இருந்தால் கதை இப்படிப் போகும்.

மார்ச் கடைசியில் ஆமைத் தாத்தா மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். எதிரே ஒரு மீட்டர் உயரக் கம்பு நட்டிருந்தது. அன்றைக்கு உச்சிவேளையில் அதன் நிழல் எங்கே முடிந்ததோ அங்கே ஒரு கூழாங்கல்லை உருட்டி வைத்தார். கம்பிலிருந்து கல் வரை 84 சென்டிமீட்டர். நாள் போகப் போக நிழல் சுருங்கியது. ஜூன் கடைசியில் வைத்த கல் வெறும் 30 சென்டிமீட்டரில் இருந்தது. அப்போது ஓடு விடிந்ததுமே சூடானது. அப்புறம் நிழல் திரும்பவும் வளர்ந்தது. செப்டம்பர் கடைசியில் முதல் கல்லையே தொட்டது. நவம்பர் தொடக்கத்தில் ஒன்றரை மீட்டர் போய்விட்டது. மத்தியானம் வரை வெயிலில் கிடந்தும் ஓடு சூடேறவில்லை. “சூரியன் நம்மை விட்டு ரொம்ப தூரம் போயிட்டான்போல” என்று சொல்லிக்கொண்டே தாத்தா தூங்கப்போனார்.

வசந்தத்தில் குருவி திரும்பி வந்தது. “டிசம்பரில் நீ எங்கே இருந்தாய் கண்ணு? அங்கேயும் இப்படிக் குளிரா?” என்று கேட்டார்.

“இல்லை தாத்தா, அங்கே கொளுத்தும் வெயில். இதே உயரத்தில் ஒரு கம்பு பார்த்தேன். உச்சிவேளையில் நிழல் 20 சென்டிமீட்டர்தான். அதுவும் தெற்குப் பக்கமாக விழுந்தது.”

தாத்தா மெல்லுவதை நிறுத்தினார். சூரியன் தூரம் போயிருந்தால் இரண்டு இடமும் அல்லவா குளிர்ந்திருக்க வேண்டும்? இரண்டு இடத்துக்கும் ஒரே சூரியன்தானே?

அன்று இரவு குருவி வடக்கு மலையைக் காட்டியது. “அந்தத் துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள். போன ஜூனில் எங்கே இருந்தது?” அதே மலை உச்சிக்கு மேலேதான். “நவம்பரில்?” அப்போதும் அங்கேயேதான். பூமியின் தலை எப்போதும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

மறுநாள் குருவி ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்து, “நான்தான் சூரியன். நீங்கள் பூமி. கழுத்தை மேலே நீட்டி, மலைப்பக்கம் கொஞ்சம் சாயுங்கள். சாய்ந்தபடியே என்னைச் சுற்றுங்கள். மலையை விட்டுத் திரும்பக் கூடாது” என்றது. தாத்தா பக்கவாட்டில் அடி வைத்தும், பின்னால் நகர்ந்தும் மெதுவாகச் சுற்றினார். கட்டைக்கு இந்தப் பக்கம் வந்தபோது குருவி கத்தியது. “தாத்தா, உங்கள் உச்சந்தலை தெரிகிறது! இதுதான் உங்களுக்குக் கோடை.” பாதி சுற்றி அந்தப் பக்கம் போனதும், “இப்போது உச்சந்தலை தெரியவில்லை, தாடைக்குக் கீழேதான் தெரிகிறது. நான் போன ஊருக்குக் கோடை” என்றது. நடுவில் இரண்டு இடங்களில் மேலும் கீழும் சமமாகத் தெரிந்தன. அவைதான் 84 சென்டிமீட்டர்க் கல்லை நிழல் தொட்ட நாட்கள்.

கதை இவ்வளவுதான். சொல்லும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். குருவி “தெரிகிறது, தெரியவில்லை” என்றே பேசட்டும். “உங்கள் தலை கிட்ட வந்துவிட்டது” என்று ஒரு வார்த்தை நழுவினாலும், நீங்கள் எடுத்த தூரக்கதை பின்வாசல் வழியே திரும்ப வந்துவிடும்.

பகலில் மகளையே ஆமையாக்கிப் பாருங்கள். நீங்கள் நடுவில் உட்காருங்கள். அவள் நிமிர்ந்து நின்று, ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து, அந்தச் சுவரைப் பார்த்தபடியே லேசாக முன்னால் சாய்ந்து உங்களைச் சுற்றட்டும். குழந்தைகள் பெரும்பாலும் நடுவில் இருப்பவர் பக்கம் தன்னையறியாமல் திரும்பிவிடுவார்கள், சுற்று முழுக்க உங்களைப் பார்த்தே சாய்வார்கள். அப்படி நடந்தால் நிறுத்தாதீர்கள். சுற்றி முடித்ததும், “உன் உச்சந்தலை எனக்கு எல்லா இடத்திலும் தெரிந்ததே, குளிர்காலம் எப்போ வந்தது?” என்று கேளுங்கள். வரவே இல்லை என்று அவளுக்கே தெரியும். சுவரைப் பார்த்து மறுபடி சுற்றும்போதுதான் குளிர்காலம் வரும். பூமி ஆடுமா என்று கேட்ட குழந்தைக்கு இதுதான் முழுப் பதில் என்பேன். அச்சின் திசை சுமார் 26,000 ஆண்டுகளில் ஒரு வட்டம் போடுகிறது என்பது உண்மை. ஆனால் ஓர் ஆமையின் ஆயுளில் அது தெரியாது, அதைக் கதையில் சேர்க்க வேண்டாம்.

அவள் அடுத்துக் கேட்கக்கூடிய ஒன்றுக்கும் தயாராக இருங்கள். நிழல் மிகக் குறைவது ஜூன் கடைசியில் என்றால், ஜூலையில் ஏன் இன்னும் சூடு? நிலமும் கடலும் சூடேற நாள் எடுக்கின்றன. ஜூன் கடைசிக்குப் பிறகும் பல வாரங்கள், இரவில் இழப்பதைவிடப் பகலில் வாங்கும் வெப்பம் அதிகமாக இருப்பதால் சூடு ஏறிக்கொண்டே போகிறது. ஆமை இதைத் தன் ஓட்டால் அறியும் என்று ஒரு வரியில் சொன்னால் போதும்.

இந்தக் கதை 40 டிகிரி போன்ற நடு அட்சரேகைகளுக்கு எழுதியது. ஆமையைப் பூமத்தியரேகைப் பக்கம் கொண்டுபோனால் கற்களின் கதை மாறிவிடும். அங்கே உச்சிவேளை நிழல் வருடத்தில் பாதி நாள் வடக்கேயும் பாதி நாள் தெற்கேயும் விழும், இரண்டு நாட்கள் கம்பின் அடியிலேயே மறைந்துவிடும். சூரியன் எப்போதும் உயரத்திலேயே இருப்பதால் குளிர்காலம் என்று ஒன்று வராது, பருவத்தை மழைதான் பிரிக்கும். அப்படி ஓர் ஆமை வேண்டுமென்றால் அதற்குத் தனியாக வேறொரு கதை செய்யுங்கள். இதே கதையில் ஊரை மட்டும் மாற்றினால் கற்கள் எல்லாம் தப்பான இடத்தில் கிடக்கும்.